கோட்டுக்குக் கீழே உள்ள எண்

1990களில் புதுக்கோட்டை என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வந்தது சைக்கிள்தான். அறிவொளி இயக்கத்தில் எழுதப் படிக்க வந்த கிராமத்துப் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பின்துணையாக நின்றார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அந்த நாள்களில் இங்கே வந்து பார்த்து எழுதியதில், எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பொது இடத்தில் சைக்கிள் ஓட்டிக் காட்டியதாகக் குறிப்பிடுகிறார். கடைகளில் பெண்கள் சைக்கிள் தீர்ந்துபோய், பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கிப்போனவர்கள் உண்டு. அந்தப் பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பது கூடுதல் வசதி.

1992இல் இது முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகு பிற மாவட்டங்களிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துப் போனார்கள். வந்தவர்களுக்குச் சைக்கிள் காட்டப்பட்டது, வீதி நாடகம் போடப்பட்டது, கையெழுத்துப் போடும் பாட்டிகள் அறிமுகம் செய்யப்பட்டார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அறிவிப்பு வந்து ஓராண்டு கழிந்தபின் அதே பாட்டிகள் எதைப் படிக்கிறார்கள் என்ற கேள்வியைக் கேட்டவர்கள் குறைவு. கேட்டவர்களில் ஒருவர், அன்னவாசல் வட்டாரத்தில் சில கிராமங்களுக்குப் பொறுப்பாக இருந்த ஒரு நடுநிலைப்பள்ளி ஆசிரியை. இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். பெயர் வேண்டாம் என்கிறார். ஊரில் எல்லோருக்கும் அவர் ‘டீச்சர்’ என்பதால் இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

அறிவொளியின் நடைமுறை தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. பாடநூல் மூன்று பகுதி. மூன்றையும் முடிக்க ஏறத்தாழ 200 மணி நேரம் என்று கணக்கு. ஒவ்வொரு பகுதியிலும் மூன்று தேர்வு, ஆக மொத்தம் ஒன்பது. படிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் தனித்தனியே 50 சதவீதமும், மொத்தத்தில் 70 சதவீதமும் எடுத்தால் அவர் எழுத்தறிவு பெற்றவர். எளிய பத்தி ஒன்றை நிமிடத்துக்கு 30 சொல் வேகத்தில் வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பதும் தேசிய எழுத்தறிவு இயக்கம் வைத்த அளவு. சொல்லிக்கொடுத்தவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். பெரும்பாலும் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த ஊர்ப்பிள்ளைகள், அதிலும் பெண்பிள்ளைகள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் கருத்தாளர்கள். டீச்சர் அப்படிக் கருத்தாளராக வந்து, பிறகு ஒருங்கிணைப்பாளர் ஆனவர்.

1993ஆம் ஆண்டு வாக்கில், கல்குவாரியை நம்பிப் பிழைக்கும் ஒரு ஊருக்கு வேறு வேலையாகப் போயிருந்தார். அறிவொளி மையம் நடந்த சாவடியில் ஆட்டுக்குட்டிகள் கட்டிக்கிடந்தன. பழைய கற்போர் சிலர் அங்கே இருந்தார்கள். கையில் இருந்த தினத்தந்தியைக் கொடுத்து, “இந்தத் தலைப்பைக் கொஞ்சம் படிங்க, பார்ப்போம்” என்றார். ஒரு பெண் சிரித்துக்கொண்டே பத்திரிகையைப் பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளினார். அவர் இன்னொருவரிடம். கடைசியில் சுற்றி டீச்சரிடமே வந்துவிட்டது.

பதிவேட்டில் அந்த ஊர் நல்ல ஊர். தேர்ச்சி கணக்கில் ஒன்றியத்தின் முன்வரிசையில் இருந்தது.

இதை யாரிடமும் சொல்லாமல் விட்டிருக்கலாம். அவருக்கு மேல் இருந்தவர்கள் கேட்கப்போவதில்லை. கேட்டாலும், வெளியிட்ட எண்ணைத் திரும்பப் பெறும் வழக்கம் எந்தத் திட்டத்திலும் இல்லை. ஆனால் அடுத்த மாதம் பதின்மூன்று ஒன்றியங்களின் ஒருங்கிணைப்பாளர்கள் கூடும் மீளாய்வுக் கூட்டம் இருந்தது. அவர்களிடம் சொல்லத்தான் வேண்டும் என்று முடிவு செய்தார். காரணம் மிகச் சாதாரணமானது. தன் ஊரில் நடந்தது மற்ற ஊர்களில் நடக்கவில்லை என்றால், அவர்கள் என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். நடந்திருந்தால், இது தன் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை என்றாவது தெரியும்.

பேசினால் பேச்சோடு போய்விடும் என்பதால் எழுதிக் கொண்டுபோக நினைத்தார். ஸ்டென்சில் வெட்டி சைக்ளோஸ்டைல் செய்த இரண்டு பக்கக் குறிப்பு. அதன் முதல் வடிவத்தை இப்போதும் வைத்திருக்கிறார். படித்துக் காட்டும்போது அவருக்கே சிரிப்பு வருகிறது. ‘கற்போரிடையே ஆர்வம் குறைந்துவிட்டது’ என்று தொடங்குகிறது அது. தொண்டர்களின் தியாகத்தைப் பாராட்டி ஒரு பத்தி. ‘தொடர் முயற்சி தேவை’ என்று முடிவு. எந்த மாவட்டத்தில், எந்தத் துறையில், எந்த ஆண்டில் வேண்டுமானாலும் பொருந்தக்கூடிய அறிக்கை.

அதைப் படித்துப் பார்த்த சக கருத்தாளர் ஒருவர், அவரும் பள்ளி ஆசிரியர்தான், பென்சிலால் ‘ஆர்வம்’ என்ற சொல்லை மட்டும் வட்டமிட்டார். “இது காரணமில்லை டீச்சர். காரணம் தெரியலைன்னா இதை எழுதுவோம். முதல்ல எத்தனை பேருக்கு, என்ன மறந்துச்சுன்னு பாருங்க” என்றார்.

எண்ணுவதில்தான் முதல் சிக்கல். ஒரு ஊரை வைத்துக்கொள்வோம். கணக்கெடுப்பில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் 100 பேர். அதில் மையத்துக்கு வந்து பெயர் கொடுத்தவர்கள் 80. மூன்றாம் பகுதி வரை முடித்தவர்கள் 60. கடைசித் தேர்வில் தேறியவர்கள் 48. இந்த ஊரின் வெற்றி எவ்வளவு? முடித்தவர்களில் பார்த்தால் 80 சதவீதம். சேர்ந்தவர்களில் பார்த்தால் 60. ஊரின் மொத்தப் பட்டியலில் பார்த்தால் 48. மூன்றுமே சரியான வகுத்தல். மேலே இருக்கும் 48 மாறவே இல்லை. கோட்டுக்குக் கீழே எதை வைக்கிறோம் என்பதுதான் ஊரை முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் நகர்த்துகிறது.

இது ஒரு ஒன்றியத்தின் தில்லுமுல்லு என்று நினைத்துவிட வேண்டாம். நாடு முழுதும் எழுத்தறிவு இயக்கங்களை ஆராய அருண் கோஷ் தலைமையில் அமைக்கப்பட்ட நிபுணர் குழு 1994இல் அறிக்கை கொடுத்தது. மாவட்டத்துக்கு மாவட்டம் வெற்றியை வெவ்வேறு அடிப்படையில் கணக்கிடுவதையும், இலக்கை எட்டியதாக அறிவிக்கும் அவசரத்தையும் அந்தக் குழு வெளிப்படையாகவே விமர்சித்தது. டீச்சர் தன் குறிப்பை எழுதிய காலத்தில் அந்த அறிக்கை வந்திருக்கவில்லை. அவருக்கு இருந்தது ஒரு பதிவேடும் வெளிப்பட்டுவிட்ட சந்தேகமும்தான். ஆகவே தன் குறிப்பில் ஒரு சதவீதத்தையும் எழுதாமல் நான்கு எண்களை மட்டும் அடுத்தடுத்து எழுதினார்: பட்டியலில் எத்தனை, சேர்ந்தது எத்தனை, முடித்தது எத்தனை, தேறியது எத்தனை. ஐந்தாவதாக ஒரு கட்டம் வரைந்து காலியாக விட்டார். இன்றைக்குப் படிக்க முடிபவர்கள் எத்தனை?

அந்தக் கட்டத்தை நிரப்புவதற்கு மறுபடியும் தேர்வு வைக்க வேண்டும். தேர்வு என்று சொன்னால் யாரும் வரமாட்டார்கள். பாடநூலையே கொடுத்துப் படிக்கச் சொன்னால் அதில் வேறு ஒரு வில்லங்கம் இருந்தது. சிலர் சரளமாகப் படித்தார்கள்; படத்தைக் கையால் மறைத்தால் நின்றுவிட்டார்கள். பக்கத்தின் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்கச் சொன்னால் திணறினார்கள். நாட்டுப்பாடல் பத்தைத் தலைகீழாக ஒப்பிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு பாடநூலை மனப்பாடம் செய்வது பெரிய வேலையா? சொல்லிக்கொடுத்த பிள்ளை ராகத்தோடு படித்ததை ராகத்தோடு திரும்பச் சொன்னார்கள். தேர்விலும் அதுவே மதிப்பெண்ணாக விழுந்திருக்கும். ஆகவே அவர்கள் இதுவரை பார்த்திராத, ஆனால் அவர்களுக்குத் தேவைப்படுகிற எழுத்தாகத் தேடினார் டீச்சர். ரேஷன் கார்டு, பஸ்ஸின் ஊர்ப்பலகை, குவாரியில் லோடு குறிக்கும் சீட்டு, மருந்துச்சீட்டில் தமிழில் எழுதியிருக்கும் காலை மாலைக் குறிப்பு.

இப்படிப் பார்க்கப் போனதில் ‘மறந்துவிட்டார்கள்’ என்று ஒரே பெயரில் போட்டு வைத்திருந்த பெண்கள் மூன்று விதமாகப் பிரிந்தார்கள்.

ஒரு வகையினருக்குக் கையெழுத்து மட்டும் வந்தது. தன் பெயரை எழுதினார்கள். அதே பெயரில் உள்ள ஓர் எழுத்தை வேறு சொல்லில் காட்டினால் அடையாளம் தெரியவில்லை. இவர்கள் மறக்கவில்லை, கற்கவே இல்லை. கையெழுத்து என்பது அவர்களுக்கு எழுத்துகளின் கோவையாக இல்லாமல் ஒரே கோலமாக மனத்தில் பதிந்திருந்தது. பெருவிரலில் மை வைக்காமல் பேனா பிடித்ததே அவர்களுக்குப் பெரிய மாற்றம் என்பது வேறு விஷயம். வங்கியிலோ தாலுகா ஆபீசிலோ அது தரும் நிமிர்வை டீச்சர் குறைத்துச் சொல்வதில்லை. ஆனால் பதிவேட்டில் அவர்கள் தேறியவர்கள் பத்தியில் இருந்தார்கள்.

இரண்டாவது வகையினர் உண்மையிலேயே கற்று, பிறகு இழந்தவர்கள். மெய்யெழுத்தும் அகரமும் நினைவிருந்தன. கொம்பும் துணைக்காலும் சேர்ந்து வரும் கொ, கோ போன்றவற்றில் தடுமாறினார்கள். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கூட்டிச் சொல்லின் முடிவுக்கு வரும்போது ஆரம்பம் மறந்துவிடும். மையம் நின்றபின் அவர்கள் வீட்டில் படிப்பதற்கு ஒரு காகிதமும் இல்லை. முதல் திட்டம் முடிந்து, கற்றதைத் தக்கவைப்பதற்கான அடுத்த திட்டத்துக்கு ஒப்புதலும் பணமும் வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடுவது அன்று நாட்டின் பல மாவட்டங்களில் நடந்தது. அந்த இடைவெளியில்தான் தொண்டராக இருந்த பெண்பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆனது, ஆண்பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போனார்கள்.

மூன்றாவது வகைதான் டீச்சர் எதிர்பாராதது. பஸ் வரும்போது தூரத்திலிருந்தே பலகையைப் படித்துவிட்டு, புத்தகத்தை நீட்டினால் “தெரியல டீச்சர்” என்று சொன்ன பெண்கள். ஒருவர் புத்தகத்தை வாங்கி, கையை நீட்டித் தூரமாகப் பிடித்து, தலையையும் பின்னால் சாய்த்துக்கொண்டு படிக்கப் பார்த்தார். நாற்பது வயதைத் தாண்டினால் கிட்டப் பொருள் மங்குவது எல்லோருக்கும் வருவதுதான். எழுதப் படிக்காதவருக்கு அது வந்ததே தெரியாது; ஊசியில் நூல் கோர்க்கப் பேத்தியைக் கூப்பிடுவார், அவ்வளவுதான். தேசிய இயக்கத்தின் முதன்மை இலக்கு 35 வயதுக்கு உட்பட்டவர்கள் என்றாலும், சாவடியில் முதலில் வந்து உட்கார்ந்தவர்கள் பெரியவர்கள். அரிக்கன் விளக்கு வெளிச்சத்தில், சிறிய எழுத்தில், நாள் முழுக்க வெயிலில் கல் உடைத்த கண்களோடு. அவர்கள் வருவது நின்றதும் பதிவேட்டில் ‘ஆர்வமின்மை’ என்று எழுதப்பட்டது. எழுதியது டீச்சரின் மேற்பார்வையில் இருந்த மையத்தில்தான்.

சோதித்துப் பார்ப்பது எளிது. அதே வரியைக் கரும்பலகையில் பெரிதாக எழுதி நாலடி தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும். படித்தால் கோளாறு கண்ணில், படிக்காவிட்டால் படிப்பில். இதற்கு மருத்துவர் வேண்டாம், சாக்பீஸ் போதும்.

காரணங்கள் இப்படிப் பிரிந்தபின் குறிப்பின் மொழியும் மாறிவிட்டது. ‘கற்போரிடையே’ என்ற சொல் போய், யாருக்கு எந்த இடத்தில் நின்றது என்று வந்தது. தெரிந்ததையும் ஊகத்தையும் தனித்தனியே எழுத வேண்டும் என்று அந்தப் பென்சில் ஆசிரியர் வற்புறுத்தினார். கண் பார்வை விஷயம் சோதித்துத் தெரிந்தது. இடைவெளியில் மறந்தார்கள் என்பது பெரும்பாலும் ஊகம், ஏனென்றால் இடைவெளி தொடங்கிய நாளில் அவர்கள் எவ்வளவு படித்தார்கள் என்பதற்கு மனப்பாடத் தேர்வின் மதிப்பெண்ணைத் தவிர வேறு சான்று இல்லை. இதையும் எழுதினார்கள். அறிக்கையில் ஊகத்தை ஊகம் என்று போடுவது அரசு நடைக்குப் பழக்கமில்லாதது. படிப்பவருக்கு உடனே ஒன்று புரியும்: மற்றவை ஊகம் இல்லை.

தொண்டர்களின் பெயர் எதுவும் குறிப்பில் வரவில்லை. ஊரின் பெயரும் இல்லை. மனப்பாடத்துக்கு மதிப்பெண் போட்ட பிள்ளைக்கு வயது பதினெட்டோ பத்தொன்பதோ. அவளுக்கு அப்படித்தான் பயிற்சி கொடுக்கப்பட்டிருந்தது. பயிற்சி கொடுத்தவர் யார் என்பது மட்டும் குறிப்பில் தெளிவாக இருந்தது, அதன் கீழே கையெழுத்துப் போட்டிருந்தவர்தான்.

கூட்டத்துக்கு முன்னால் டீச்சர் இன்னொன்றும் செய்தார். இதை எல்லோரும் செய்வதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம். ஸ்டென்சில் வெட்டுவதற்கு முன் அந்த இரண்டு பக்கத்தைக் கொண்டுபோய் அதே சாவடியில் படித்துக் காட்டினார். அங்கிருந்த பெண்களுக்குக் கோபம் வந்தது. அவர்களில் மூத்தவர் சொன்னது அவருக்கு அப்படியே நினைவில் இருக்கிறது: “மறந்துட்டாகன்னு எழுதாதீக. மையத்தை நிப்பாட்டிட்டாகன்னு எழுதுங்க. நாங்க வந்து உக்காந்து பாத்துட்டு, ஆளு வராமத்தான் வீட்டுக்குப் போனோம்.”

வரி மாற்றப்பட்டது. ஒரு திட்டத்தின் பின்னடைவை எழுதுகிறவர், அந்தப் பின்னடைவால் இழந்தவர்களையே குற்றவாளியாக எழுதிவிடுவது எவ்வளவு எளிது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம். எழுவாயை மாற்றினால் போதும், குற்றம் இடம் மாறிவிடுகிறது. படித்துக் காட்டாமல் விட்டிருந்தால் அந்த வரி அப்படியே மாவட்டத் தலைநகர் வரை போயிருக்கும். படிக்கத் தெரியாதவர்களைப் பற்றி எழுதும்போது அவர்கள் படித்து மறுக்கப்போவதில்லை என்ற தைரியம் எழுதுகிறவருக்கு எப்போதும் இருக்கிறது.

கூட்டம் அவர் பயந்தபடி நடக்கவில்லை, ஆசைப்பட்டபடியும் நடக்கவில்லை. குறிப்பு கைமாறியது. படித்தார்கள். ஒருவர், “இது வெளியே போனா இயக்கத்துக்கே கெட்ட பேரு” என்றார். அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. தொண்டர்களின் ஊக்கத்தில் ஓடும் இயக்கம் அது. எழுத்தறிவு வெறும் வீண்செலவு என்று சொல்லக் காத்திருந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் கையில் நான்கு எண்கள் கிடைத்தால் மூன்றை விட்டுவிட்டு ஒன்றைத்தான் எடுப்பார்கள். டீச்சர் அதை மறுக்கவில்லை. குறிப்பு ஒருங்கிணைப்பாளர்களுக்கு மட்டும் என்று ஒப்புக்கொண்டார். எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்ல வேண்டும் என்று அவர் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. அதே வேலையைச் செய்கிறவரிடம் மறைத்தால் அவரும் அதே பள்ளத்தில் விழுவார் என்பது மட்டும்தான் அவர் வாதம்.

தேநீர் இடைவேளையில் கடற்கரைப் பக்கத்து ஒன்றியத்திலிருந்து வந்தவர் அவரிடம் தனியாக வந்து, “அந்தக் கண்ணு விஷயம், எங்க பக்கமும் அப்படித்தான் இருக்கும்னு தோணுது” என்றார். இன்னொருவர் தன் நோட்டை எடுத்துக் கோட்டுக்குக் கீழே தான் எதை வைத்திருந்தார் என்று அங்கேயே பார்த்தார். முடித்தவர்களைத்தான் வைத்திருந்தார். மதியம் பேசும்போது அதை அவரே எழுந்து சொன்னார். காலையில் கெட்ட பெயர் என்றவர் அதற்கு எதுவும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த கூட்டத்துக்கு அவர் ஒன்றியத்திலிருந்து வந்த படிவத்தில், யாரும் கேட்காமலே, ஐந்து கட்டங்கள் இருந்தன.

தோல்வி அறிக்கை என்பது பிறகு ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. கனடாவின் ‘எல்லைகளற்ற பொறியாளர்கள்’ அமைப்பு 2008 முதல் ஆண்டுதோறும் தன் தோல்விகளைத் தொகுத்து வெளியிட்டது உலக அளவில் பேசப்பட்டது. அறிவொளியைப் பற்றியும் உள்ளே இருந்தவர்கள் எழுதினார்கள். புதுக்கோட்டை அனுபவத்தை ஷீலா ராணி சுங்கத்தும் பொருளியல் அறிஞர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் 1996இல் ஆங்கிலத்தில் நூலாக்கினார்கள். திருநெல்வேலிப் பக்கத்து அனுபவங்களை எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் ‘இருளும் ஒளியும்’ என்ற நூலில் எழுதினார். தலைப்பில் இருள் முதலில் வருவதைக் கவனிக்கலாம். பின்னாளில் புதுக்கோட்டைக் கிராமங்களில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் பிரான்சிஸ் கோடி, 2013இல் வெளியான தன் நூலில், கையெழுத்துப் போடக் கற்ற பெண்கள் ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கப் போகும்போது எழுத்து அவர்களுக்கு எதைச் செய்தது, எதைச் செய்யவில்லை என்பதைப் பின்தொடர்ந்து பார்க்கிறார். டீச்சரின் இரண்டு பக்கத்துக்கு இந்த நூல்களில் இடமில்லை. அது கூட்டத்தில் இருந்தவர்களுக்காக எழுதப்பட்டது, அவர்களோடு நின்றது.

குறிப்பின் கடைசிப் பகுதி வேண்டுகோளாக இருந்தது. ‘தொடர் முயற்சி’ போன்ற ஒன்றும் அதில் இல்லை. பழைய வெள்ளெழுத்துக் கண்ணாடி யாரிடமாவது இருந்தால் வேண்டும் என்று கேட்டிருந்தார். சோதனைக்கு நாலு கண்ணாடி இருந்தால் போதும், யாருக்கு உண்மையில் தேவை என்று தெரிந்துவிடும், பிறகு அரிமா சங்கத்திடமோ கண் மருத்துவ முகாமிலோ கேட்கலாம். கிடைத்தது. ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் வீடுகளிலிருந்து, கால் உடைந்து நூல் கட்டியவை உட்பட. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் முறை புத்தகத்தைப் பார்த்த பெண்களில் ஒருவர் எழுத்தைப் பார்ப்பதற்கு முன் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். கல் குத்திய தழும்புகள் அவருக்கு அவ்வளவு கிட்டத்தில் தெரிந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குப் பிறகு அவர் படிக்கக் கற்றாரா என்றால், கற்றார், மெதுவாக. அவரோடு வந்த வேறு சிலர் கண்ணாடியை வாங்கிக்கொண்டு தையலுக்கும் அரிசி பொறுக்குவதற்கும் வைத்துக்கொண்டார்கள், மையத்துக்கு வரவில்லை. டீச்சர் இதையும் எண்ணி எழுதினார்.

கையெழுத்தோடு நின்றவர்களுக்காகத் தொண்டர் பயிற்சியில் ஒரு சிறு மாற்றம் செய்தார்கள். பாடம் முடிந்ததும் அன்று படித்த எழுத்துகளை வைத்து, புத்தகத்தில் இல்லாத ஒரு சொல்லைப் பலகையில் எழுத வேண்டும். ‘படி’ படித்திருந்தால் ‘பாடி’, ‘பட்டி’. அந்த ஒரு சொல்லைப் படித்துவிட்டால் அன்றைய பாடம் சேர்ந்தது. இல்லையென்றால் நாளைக்கும் அதே பாடம். இதனால் பாடங்கள் நகரும் வேகம் குறைந்தது, மாதாந்திர அறிக்கையில் எண்கள் இறங்கின. எண்கள் ஏன் இறங்கின என்று கேள்வி வந்தபோது அதற்குப் பதில் சொல்ல ஒன்றியத்துக்கு ஒருவர் இருந்தார், ஏனென்றால் எல்லோருமே அந்தக் குறிப்பைப் படித்திருந்தார்கள்.

படித்ததை இழந்தவர்களுக்காகச் சுவர்ச் செய்தித்தாள் தொடங்கினார்கள். ஊர்ச் செய்தியைப் பெரிய எழுத்தில் எழுதி, வாரம் ஒரு முறை பஸ் நிறுத்தத்துச் சுவரிலும் தண்ணீர்க் குழாய் அருகிலும் ஒட்டுவது. யார் வீட்டில் மாடு கன்று போட்டது, எந்த நாள் ரேஷனில் மண்ணெண்ணெய், குவாரியில் லோடுக்கு என்ன கூலி. நன்றாக ஆரம்பித்தது. பிறகு காணாமல் போகத் தொடங்கியது. சாதித் தகராறா, கூலியை எழுதியதால் குவாரிக்காரர் ஆள் வைத்துக் கிழிக்கிறாரா என்றெல்லாம் யோசித்தார்கள். இரண்டாவது சுற்றறிக்கையில் டீச்சர் காரணத்தை எழுதினார். ஒட்டியது அரிசிக் கஞ்சிப் பசையில். ஆடுகள் செய்தியோடு சேர்த்துத் தின்றுவிடுகின்றன. இதற்கு மட்டும் எல்லா ஒன்றியங்களிலிருந்தும் பதில் வந்தது. உயரமாக ஒட்டச் சொன்னார் ஒருவர், ஆனால் உயரமாக ஒட்டினால் விரல் வைத்து எழுத்துக் கூட்டுபவர்களுக்கு எட்டாது என்று இன்னொருவர் எழுதினார். கந்தர்வகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு போஸ்ட் கார்டு: மைதாப் பசையில் கொஞ்சம் வேப்பெண்ணெய் விட்டுக் கிண்டவும், ஆடு முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும், நாங்கள் செய்து பார்த்தாயிற்று.